ஏகாதசி இலையில் என்ன பரிமாறலாம்?

வைகுண்ட ஏகாதசிக்கு எல்லா வீடுகளிலும் ஒரே விதி இல்லை. சிலர் துளசித் தீர்த்தத்தோடு நாளைக் கழிப்பார்கள். சிலர் அரிசியை மட்டும் விலக்கி, ரவை உப்புமாவோ கோதுமைக் கஞ்சியோ சாப்பிடுவார்கள். தானியம், பருப்பு இரண்டையும் தொடாமல் மாலையில் ஒருவேளை மட்டும் பலகாரம் எடுத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. இந்த மூன்றாவது வகையினருக்குத்தான் சமையல் திண்டாட்டம். வெங்காயம், பூண்டு கிடையாது; தாளிக்க உளுத்தம்பருப்புகூடக் கிடையாது. வீட்டில் நாலு பேர் என்று வைத்துக்கொண்டு, அவர்களுக்கு ஒரு இலை போட்டுப் பார்ப்போம்.

பெரும்பாலோர் ஜவ்வரிசியில்தான் தொடங்குவார்கள், அதிலேயே முடித்தும் விடுவார்கள். உப்புமா, வடை, பாயசம் மூன்றுமே ஜவ்வரிசி. நம் ஊர் ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்வது. அதில் மாவுச்சத்தைத் தவிர வேறு எதுவும் பெரிதாக இல்லை. அதை மட்டும் சாப்பிட்டால் வயிறு முட்டியது போலிருக்கும், ஆனால் இரவு பத்து மணிக்கே மறுபடி பசிக்கும். பசி தாங்க வேண்டுமானால் கூடவே வேர்க்கடலை, தேங்காய், தயிர் சேர வேண்டும். வேர்க்கடலை நூறு கிராமில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் விரதத்துக்கு அது தடையே இல்லை. பருப்பு இனம் என்று உங்கள் வீட்டில் விலக்கினால் முந்திரியும் தேங்காய்த் துருவலும் போடுங்கள்.

உப்புமாவுக்கு வெள்ளையான மாவு ஜவ்வரிசியே வேண்டும். நைலான் ஜவ்வரிசி பாயசத்துக்கானது. 300 கிராம் ஜவ்வரிசியைக் கழுவும்போது முதல் தண்ணீர் பால் போல வெளுத்து வரும். அது தெளியும் வரை கழுவுங்கள், ஏனென்றால் அந்த மாவுதான் பிறகு உப்புமாவைக் களியாக்குகிறது. ஜவ்வரிசி மட்டத்துக்குத் தண்ணீர் விட்டு மூன்று, நான்கு மணி நேரம் ஊறவிட்டு, ஒரு மணியை விரல்களுக்கிடையில் வைத்து நசுக்குங்கள். நடுவில் கெட்டிப் புள்ளி தட்டுப்படாமல் மசிந்தால் பதம் சரி. தட்டுப்பட்டால் தண்ணீர் தெளித்து மூடி, இன்னும் அரை மணி விடுங்கள். ஈரம் மிஞ்சினால் துணியில் பரப்பி உலர்த்துங்கள்.

நூறு கிராம் வறுத்த வேர்க்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்து, உப்போடு ஜவ்வரிசியில் பிசறிவிடுங்கள். பொடி மேலே பூசிக்கொள்வதால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. நெய்யில் சீரகம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெந்த உருளைக்கிழங்குத் துண்டுகளைப் புரட்டி, ஜவ்வரிசியைக் கொட்டிச் சிறு தீயில் கிளறுங்கள். தண்ணீர் விடவே கூடாது. வெள்ளை மாறிக் கண்ணாடி போல ஆனதும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் அடுப்பில் இருந்தால் இறுகி ரப்பராகிவிடும்.

பெருங்காயம் போடுவதற்கு முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். தானியத்தைக் கறாராக விலக்குகிறவர்கள் இதைத்தான் அடிக்கடி கவனிக்காமல் விடுகிறார்கள்.

இலையில் மொறுமொறுப்பும் இனிப்பும் சேர்ந்துவிட்டாலே பண்டிகைக் களை வந்துவிடும். மொறுமொறுப்புக்கு மெல்லியதாகச் சீவிய வாழைக்காய் வறுவல், பக்கத்தில் வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி. இனிப்புக்குச் சர்க்கரைவள்ளிப் பாயசம். கால் கிலோ கிழங்கை வேகவைத்து மசித்து, 150 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிய பாகில் கொதிக்கவிடுங்கள். அடுப்பை அணைத்துச் சூடு சற்றுத் தணிந்த பிறகே கெட்டித் தேங்காய்ப்பாலைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும் வெல்லத்தில் விட்டால் பால் திரிந்துபோகும். மேலே ஏலக்காய், நெய்யில் வறுத்த முந்திரி. ஜவ்வரிசிப் பாயசத்தைவிட இந்த இலைக்கு இதுதான் பொருத்தம் என்பேன். ஜவ்வரிசியில் அதிகம் இல்லாத நார்ச்சத்து இதில் கிடைக்கிறது.

நாள் முழுக்கக் காய்ந்த வயிற்றில் முதலில் வறுவல் போனால் நெஞ்செரியும். ஒரு டம்ளர் மோரும் வாழைப்பழமும் சாப்பிட்டு, கால் மணி கழித்து இலையில் உட்காருங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இந்த விரதத்தை இருக்க வேண்டாம். பட்டினியும் ஆபத்து, அதன் பின் மொத்தமாகச் சேரும் மாவுச்சத்தும் ஆபத்து.

மறுநாள் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் தேவைப்படும். காலையிலேயே சமைக்க வேண்டியிருப்பதால், ஏகாதசிக்கு வாழைக்காய் வாங்கும்போதே அவற்றையும் வாங்கி வைத்துவிடுங்கள்.