கட்டிலருகே ஒரு ஜெபம்

மறுநாள் காலை பைபாஸ் ஆபரேஷன். 54 வயது ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் ஆண்கள் வார்டில் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்பில் முடி மழித்து, மருந்து சோப்பால் குளிப்பாட்டிவிட்டார்கள். மனைவி ரத்தம் கொடுக்க ஆள் தேடி போனும் கையுமாக வராந்தாவில் நிற்கிறார். மாலை பார்வையாளர் நேரத்தில், அவரோடு ஒரே சபைக்குப் போகும் நண்பர் ஒருவர் ஜெபிக்க வருகிறார். அடுத்த பதினைந்து நிமிடத்தில் அவர் வாயிலிருந்து வரும் சொற்கள், நோயாளி அன்றிரவு எப்படித் தூங்குவார் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கும்.

பைபாஸ் நோயாளிகளையும் ஜெபத்தையும் வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வே நடந்திருக்கிறது. ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் 6 மருத்துவமனைகளில் 1,802 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முன்பின் அறியாதவர்கள் தொலைவிலிருந்து ஜெபித்தார்கள். முடிவு 2006-இல் வெளியானது. 'உங்களுக்காக ஜெபிக்கலாம், ஜெபிக்காமலும் இருக்கலாம்' என்று மட்டும் சொல்லப்பட்ட இரு பிரிவுகளில், ஜெபம் பெற்றவர்களில் 52 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல்கள் வந்தன. 'உங்களுக்காகக் கட்டாயம் ஜெபிக்கிறார்கள்' என்று சொல்லப்பட்ட பிரிவிலோ அது 59 சதவீதம்.

ஜெபம் கெடுதல் செய்யும் என்று இதற்குப் பொருளில்லை. தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். கட்டிலருகே நண்பர் செய்யும் ஜெபத்தை அந்த ஆய்வு அளக்கவும் இல்லை. ஆனால் அவர்கள் முன்வைத்த ஒரு விளக்கம் யோசிக்கத்தக்கது. 'ஆள் வைத்து ஜெபிக்கும் அளவுக்கா என் நிலைமை மோசம்?' என்ற பயம் சிலருக்கு வந்திருக்கலாம். பத்துப் பேர் கூட்டமாக வந்து, கட்டிலைச் சூழ்ந்து, உரத்த குரலில் கண்ணீரோடு ஜெபிக்கும்போது நம் ஊர் வார்டுகளிலும் நோயாளிக்கு அதே பயம் வரும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் வரும்.

ஆகவே ஒருவர், மிஞ்சினால் இருவர் போனால் போதும். உள்ளே நுழையும் முன்பும் வெளியே வந்த பின்பும் கையைக் கழுவ வேண்டும். காய்ச்சலோ சளியோ இருந்தால் அன்று போகக் கூடாது, போனில் பேசிக்கொள்ளலாம். கட்டிலின் மேல் உட்காராமல், நாற்காலியை இழுத்து நோயாளியின் முகத்துக்கு நேராக உட்கார வேண்டும். நின்றுகொண்டே பேசினால் எப்போது கிளம்புவாரோ என்றிருக்கும்.

பேச்சை இப்படித் தொடங்கலாம்: "அண்ணே, நான்தான் வந்திருக்கேன். கொஞ்ச நேரம் இருக்கட்டுமா, இல்ல ஓய்வு எடுக்கிறீங்களா?" முடியாது என்று சொல்லும் உரிமை அவருக்கு வேண்டும். நாள் முழுக்க ஊசி, ரத்தப் பரிசோதனை, கையெழுத்து என்று யாருமே அவரைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்திருக்க மாட்டார்கள்.

அடுத்த கேள்வி: "நாளைக்கு ஆபரேஷன்னு சொன்னாங்க. மனசுக்கு எப்படி இருக்கு?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். "பயமா இருக்குடா தம்பி, கண்ணு முழிப்பேனான்னு" என்று அவர் சொன்னால், நம்மில் பலரும் உடனே "சேச்சே, ஒண்ணும் ஆகாது" என்று அடைத்துவிடுவோம். அதோடு அவர் பேச்சும் நின்றுவிடும். "பயமா இருக்கத்தான் செய்யும்ணே" என்று சொல்லிக் கையைப் பிடித்தால் மீதியையும் சொல்வார். அவருடைய கவலை இதயத்தைப் பற்றியதாகவே இல்லாமலும் போகலாம். ஆட்டோவுக்கு டியூ கட்ட வேண்டும், மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும் என்பதாக இருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் ஜெபம். "ஜெபிக்கட்டுமாண்ணே? எதுக்காக ஜெபிக்கணும், சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். அவர் சொன்னதையே எடுத்து, ஒரு நிமிடத்துக்குள், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் ஜெபிக்கலாம்:

"ஆண்டவரே, அண்ணனுக்கு நாளைய ஆபரேஷனை நெனச்சுப் பயமா இருக்கு. இந்த ராத்திரி அவருக்கு நல்ல தூக்கம் கொடுங்க. டாக்டருங்க கையை நடத்துங்க. அண்ணியையும் பாப்பாவையும் பார்த்துக்கோங்க. எது நடந்தாலும் அவர் கூடவே இருங்க. ஆமென்."

'நாளைக்குச் சுகமாகிவிடுவார்' என்ற வாக்குறுதி இதில் இல்லை. அந்த வாக்குறுதி பொய்த்தால், தன் விசுவாசம்தான் போதவில்லையோ என்று நோயாளி தன்னையே குற்றம் சாட்டிக்கொள்வார். 'மறைவான பாவம் ஏதும் இருந்தால் மன்னியும்' என்ற வரியும் கூடாது. வேதாகமத்தில் யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்களாக இருந்தவர்கள், வாயைத் திறந்து 'நீ என்ன குற்றம் செய்தாயோ' என்று காரணம் தேடிய பிறகுதான் அவருக்குச் சுமையானார்கள்.

தலையில் கை வைக்க விரும்பினால் கேட்டுவிட்டு வைக்கலாம். ஊசி ஏறும் கையையும் மார்பையும் தொடக் கூடாது. எண்ணெய் பூசுவதென்றால் நெற்றியில் ஒரு துளி போதும். சுத்தம் செய்துவைத்த மார்பில் பூசக் கூடாது. ஆபரேஷனுக்கு முன் பொதுவாக 6 மணி நேரம் உணவும், 2 மணி நேரம் தண்ணீரும் கூடாது. பல மருத்துவமனைகளில் நள்ளிரவோடு எல்லாம் நிறுத்தம். வயிற்றில் ஏதாவது இருந்தால், மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். திருவிருந்து அப்பமோ கோயில் தீர்த்தமோ ஜம்ஜம் தண்ணீரோ, எதுவானாலும் நர்ஸைக் கேட்காமல் வாயில் கொடுக்கக் கூடாது. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, சூடம் எதையும் ஏற்றக் கூடாது. அங்கே சிறு பொறியும் பெருந்தீயாகும்.

நண்பர் வேறு மதத்தவர் என்றால்? "எங்க வழக்கப்படி ஜெபிக்கட்டுமா, இல்ல சும்மா பக்கத்துல உக்காந்திருக்கட்டுமா?" என்று கேட்டால் அவரே வழி சொல்வார். வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போய் ஜெபித்துக்கொள்ளலாம். நோயால் எழுந்திருக்க முடியாதவரிடம் மதப் பிரசாரம் செய்வது அநியாயம். அவரால் எழுந்து போக முடியாது.

வேறு சில பேச்சுகளும் வேண்டவே வேண்டாம். "எங்க சித்தப்பாவுக்கும் இதே ஆபரேஷன்தான், பாவம்..." "அந்த டாக்டரா? அவரைப் பத்தி ஒரு மாதிரி சொல்வாங்களே." "பீடியை அப்பவே விட்டிருந்தா..." இவற்றைக் கேட்டு அந்த இரவில் நோயாளி செய்யக்கூடியது எதுவுமில்லை. இவை எல்லாவற்றையும் விட ஆபத்தானது, "ஜெபிச்சாச்சு, இனி மாத்திரை வேண்டாம்" என்பது. பைபாஸுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரின் போன்ற மருந்துகளைத் தாமாக நிறுத்தினால், புதிதாக ஒட்டிய குழாயே அடைத்துக்கொள்ளலாம்.

கிளம்பும்போது "ஏதாவது வேணும்னா கேளுங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. "நாளைக்கு ராத்திரி அண்ணிக்குச் சாப்பாடு நான் கொண்டுவரேன்" என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும், சொன்னபடி செய்யவும் வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த வாரத்தில் பார்க்க வராதவர் இருக்க மாட்டார். அறுத்த நெஞ்செலும்பு கூட 6 முதல் 12 வாரம் வரை ஆகும். அதுவரை ஆட்டோ ஓட்ட முடியாது, வருமானமும் இல்லை. பலர் மனம் சோர்ந்துபோவதும் அந்த நாட்களில்தான். ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போனவர்கள், மூன்றாம் வாரம் வீட்டுக்கும் ஒருமுறை போய், அதே கேள்வியைக் கேளுங்கள்: "எதுக்காக ஜெபிக்கணும், சொல்லுங்க."