வீடியோ அழைப்பில் சொன்ன சம்பளம் தாளில் இருக்கிறதா?

சிங்கப்பூரில் வீட்டுவேலைக்கோ முதியவரைப் பார்த்துக்கொள்ளவோ போகும் பெண்களை வீட்டுக்காரர்கள் பலமுறை வீடியோ அழைப்பிலேயே பார்த்து முடிவெடுக்கிறார்கள். சமைக்கத் தெரியுமா, படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்த அனுபவம் உண்டா என்று கேட்பார்கள். சம்பளம், லீவு பற்றியும் பேச்சு வரும். அழைப்பு முடிந்ததும் பெண்கள் ஏஜெண்டிடம் கேட்பது ஒன்றுதான்: “என்னை எடுத்துக்கிட்டாங்களா?” அந்தக் கேள்வி போதாது. வீட்டுக்காரர் வாயால் சொன்னது தாளில் ஏறுகிறதா என்பதையும் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 700 வெள்ளி, மாதத்தில் இரண்டு ஞாயிறு லீவு, பாட்டியைப் பார்த்துக்கொள்வதும் சமையலும்தான் வேலை என்று வீட்டுக்கார அம்மா சொல்கிறார். அன்றே, ஞாபகம் மாறுவதற்குள், ஏஜென்சிக்கு அவர் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிட வேண்டும்: “மேடம், இன்னைக்குப் பேசின வீட்டுல 700 வெள்ளி, மாசம் ரெண்டு ஞாயிறு லீவு, பாட்டியப் பாக்குறது, சமையல்னு சொன்னாங்க. இதேதான் ஒப்பந்தத்துல வருமான்னு கேட்டுச் சொல்லுங்க.” ஏஜெண்ட் போன் போட்டு “எல்லாம் சரிதாம்மா” என்று சொன்னாலும், எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்வது நல்லது.

இதை உடனே செய்வதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்காரர் சம்மதித்த பிறகு, அவர் சார்பில் சிங்கப்பூர் மனிதவள அமைச்சில் வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பார்கள். அந்த விண்ணப்பத்திலேயே மாதச் சம்பளத்தைக் குறிப்பிட வேண்டும். அமைச்சு ஒப்புக்கொண்டால் ‘ஐபிஏ’ என்று எல்லோரும் சொல்லும் ஒப்புதல் கடிதம் வரும். பணிப்பெண் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே அது அவர் கைக்கு வந்தாக வேண்டும். சம்பளம் பற்றிப் பின்னால் தகராறு வந்தால் அந்தக் கடிதத்தில் உள்ள தொகைதான் பேசும். விண்ணப்பம் போகும் முன் 650ஐ 700 என்று திருத்துவது எளிது. கடிதம் வந்த பிறகு அது பெரிய வேலையாகிவிடும்.

லீவு விஷயத்திலும் தெளிவு வேண்டும். சிங்கப்பூரில் பணிப்பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு. இருவரும் ஒத்துக்கொண்டால் அந்த நாளில் வேலை செய்து, அதற்கு ஒரு நாள் சம்பளத்தைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் அது கிடைக்கும். 700 வெள்ளிக்கு ஏறக்குறைய 27 வெள்ளி. ஆனால் 2023 ஜனவரி 1 முதல் மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது பணத்துக்கு ஈடாக விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே அந்தப் பெண் இரண்டு ஞாயிறுக்கு ஒப்புக்கொண்டால், மிச்ச ஞாயிறுகளுக்குத் தனியாகப் பணம் வருமா, இல்லை 700 வெள்ளிக்குள்ளேயே அடக்கமா என்பதையும் கேட்டாக வேண்டும். இந்த இடத்தில்தான் வாய்ப்பேச்சு வழுக்குகிறது.

அடுத்தது ஏஜென்சிக் கட்டணம். பேசக் கூச்சப்பட்டுப் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். சிங்கப்பூர் ஏஜென்சி பணிப்பெண்ணிடம் வாங்கக்கூடியது ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், எப்படியும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டு ஆண்டு ஒப்பந்தமென்றால் நம் பெண்ணுக்கு 1,400 வெள்ளி. அப்படியிருந்தும் சிலருக்கு நான்கைந்து மாதச் சம்பளம் பிடித்தமாகப் போகிறது. ஊரில் உள்ள ஏஜெண்ட் வாங்கும் பணம் அந்த உச்சவரம்புக்குள் வராததுதான் காரணம். அந்தப் பணத்தையும் சேர்த்து வீட்டுக்காரர் முன்கூட்டிக் கொடுத்துவிடுவார், பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழிப்பார். “எத்தனை மாசம் பிடிப்பீங்க, மாசம் எவ்வளவு, அதுல சிங்கப்பூர் ஏஜென்சிக்கு எவ்வளவு, ஊர்ல இருக்கறவங்களுக்கு எவ்வளவு?” என்று பிரித்துக் கேட்டு, எழுதி வாங்க வேண்டும். வீட்டுக்காரர் அரசுக்குக் கட்டும் மாத வரியையும் பணிப்பெண்ணுக்கான காப்பீட்டையும் அவள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. பிடித்தப் பட்டியலில் அவை இருந்தால் கையெழுத்துப் போடாமல் நிறுத்திக் கேளுங்கள்.

தகவலே வராமல் ஏஜென்சி இழுத்தடித்தால், “வீட்டுக்காரங்க முடிவு சொல்லலையா, இல்ல விண்ணப்பம் போட்டு அமைச்சு பதிலுக்குக் காத்திருக்கீங்களா?” என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு காத்திருப்பு. முதலாவது என்றால் வேறு வீட்டுக்காரரிடம் பேச வைக்கும்படி கேட்கலாம். பதில் வராத நிலையில் பாஸ்போர்ட்டை ஏஜெண்ட் கையில் விட்டுவைக்க வேண்டாம். பார்த்துவிட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐபிஏ கைக்கு வந்ததும் பழைய வாட்ஸ்அப் செய்தியை எடுத்து, பெயர், வீட்டு முகவரி, சம்பளம், பிடித்தம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். தமிழில் புரியவில்லை என்றால் தெரிந்தவரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தொகை மாறியிருந்தால், டிக்கெட் போட்டாயிற்று என்று ஏஜெண்ட் சொன்னாலும் கிளம்ப வேண்டாம். திருத்தி வாங்கித் தரும்படி எழுத்திலேயே கேளுங்கள். சரியாக இருந்தால் கடிதத்தைப் படமெடுத்து, ஒரு பிரதியை ஊரில் நம்பிக்கையானவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.