பார் மிட்ஸ்வா முதல் பூணூல் வரை: 'பெரியவனாகும்' சடங்குகளை 3 நிமிட வீடியோவில் டீன் ஏஜ் பசங்களுக்குச் சொல்வது எப்படி?

ஒன்பதாம் வகுப்புப் பசங்களுக்கு 3 நிமிட வீடியோ ஒன்று செய்ய வேண்டும். தலைப்பு, 'ஒவ்வொரு மதத்திலும் குழந்தை எப்போது பெரியவராகிறது?' முதலில் என்ன செய்வோம்? கூகுளில் தேடி, குதிரையில் போகும் பையன், மெழுகுவத்தி, பூணூல், பட்டுப்பாவாடை என்று படங்களை எடுத்து, பின்னணி இசையோடு ஒட்டிவிடுவோம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால், பார்த்து முடித்த பையனுக்கு மிஞ்சுவது 'எல்லா மதத்துலயும் ஒரு ஃபங்ஷன் வைக்கிறாங்க' என்ற ஒரு வரிதான். அந்த ஒரு வரியும் தப்பு!

இதைத் தவிர்க்க ஒரே ஒரு கேள்வி போதும். சடங்கு முடிந்த மறுநாள் காலையில், அந்தப் பிள்ளைக்கு என்ன மாறியிருக்கும்? ஒவ்வொரு மதத்திடமும் இதையே கேளுங்கள். ஸ்கிரிப்ட் தானாக வந்துவிடும்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது?

மொத்தம் 180 விநாடி. கேள்வியை முன்வைக்க 15, ஐந்து மதங்களுக்குத் தலா 27, முடிவுக்கு 30. நிதானமாகப் பேசினால் 27 விநாடியில் 45 வார்த்தைக்கு மேல் சொல்ல முடியாது. அதனால் ஒரு மதத்துக்கு ஒரு காட்சி, ஒரு மாற்றம். அவ்வளவுதான்.

யூத மதத்தின் பார் மிட்ஸ்வாவை எடுத்துக்கொள்வோம். பகுதி இப்படி இருக்கலாம்:

*"வயசு 13. தோல் சுருள்ல எழுதின தோரா முன்னாடி ஒரு பையன் நிக்கிறான். எழுத்துல உயிர்க்குறிகள் இல்ல, ராகக் குறிகளும் இல்ல. மாசக்கணக்கா பழகிட்டு வந்திருக்கான். வாசிச்சு முடிக்கிறான். ஆனா, வாசிச்சதால அவன் பெரியவன் ஆகல. 13 வயசு முடிஞ்சதுமே ஆயிட்டான். இனி மதக் கட்டளைகளுக்கு அவனே பொறுப்பு."*

கடைசி மூன்று வாக்கியங்கள்தான் முக்கியம். விழா நடந்தால்தான் பொறுப்பு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வயது வந்தாலே பொறுப்பு வந்துவிடுகிறது. விழா அதைக் கொண்டாடுகிறது. மறுநாளிலிருந்து, கூட்டுப் பிரார்த்தனைக்குத் தேவையான 10 பேரில் அவனும் ஒருவன். பெண் பிள்ளைகளுக்கு பேட் மிட்ஸ்வா 12 அல்லது 13 வயதில். அமெரிக்காவில் ஜூடித் கப்லான் என்ற சிறுமிக்கு 1922-ல் ஜெபக்கூடத்தில் நடந்ததுதான் இன்றைய வழக்கத்தின் தொடக்கமாகப் பேசப்படுகிறது. பழமைவாத யூதர்களிடையே அந்த 10 பேர் கணக்கில் இன்றும் பெண்கள் இல்லை.

மற்ற நான்கில் என்ன மாறுகிறது?

மியான்மர் பௌத்தர்களின் ஷின்பியு சடங்கில் காட்சி தலைகீழாகும். பையனுக்கு இளவரசன் வேஷம் போட்டு ஊர்வலம் விடுவார்கள். சித்தார்த்தர் அரண்மனையை விட்டுப் போன கதை அது. பிறகு தலை மழிக்கப்படும், காவி உடை வரும். மறுநாள் அவன் மடத்தில் இருப்பான். மதியத்துக்கு மேல் சாப்பாடு கிடையாது. பெரும்பாலான பையன்கள் சில நாளோ சில வாரமோ இருந்துவிட்டு வீடு திரும்புவார்கள். ஊர்வலத்தை மட்டும் காட்டி நிறுத்தினால் கதையின் பாதிதான் போய்ச் சேரும்.

கத்தோலிக்கர்களிடம் உறுதிபூசுதல். வழக்கமாக ஆயர் வந்து நெற்றியில் கிறிஸ்மா தைலம் பூசுவார். குழந்தையாக இருந்தபோது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் கொடுத்த வாக்குறுதியை, இப்போது பிள்ளையே தன் வாயால் சொல்கிறது. 'கிறிஸ்தவர்கள் எல்லோரும் டீன் ஏஜில் செய்வார்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளில் கைக்குழந்தைக்கே, ஞானஸ்நானத்தோடு சேர்த்து தைலம் பூசிவிடுவார்கள்.

பூணூல் போடும் உபநயனத்தில் காயத்ரி மந்திர உபதேசம்தான் மையம். மறுநாளிலிருந்து மூன்று வேளை சந்தியாவந்தனம். இது எல்லா இந்துக்களுக்கும் உள்ள சடங்கு அல்ல. சில சமூகங்களில், மரபுப்படி ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். சாஸ்திரம் பிராமணப் பையனுக்குச் சொல்வது 8 வயதை ஒட்டி. ஆனால், இன்று கல்யாணத்துக்கு முந்தின நாள் பூணூல் போடும் வீடுகளும் உண்டு.

சடங்கே இல்லாத மதத்தை எப்படிக் காட்டுவது?

பெரும்பாலான வீடியோக்கள் இங்கேதான் சறுக்குகின்றன. இஸ்லாத்துக்கும் ஒரு படம் வேண்டுமே என்று சுன்னத் கல்யாணத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அது பெரும்பாலும் சின்ன வயதிலேயே முடிந்துவிடுகிறது. பெரியவனாவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இஸ்லாத்தில் அதற்கென்று விதிக்கப்பட்ட விழா கிடையாது. பருவ வயதை எட்டுவதை 'புலூக்' என்கிறார்கள். உடலில் அதன் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து ஐந்து வேளைத் தொழுகையும் ரமலான் நோன்பும் கடமை. அறிகுறி தெரியாவிட்டால், பெரும்பான்மைச் சட்ட அறிஞர்கள் கணக்கில் 15 வயது.

இந்த 27 விநாடிக்குப் படம் தேட வேண்டாம். விடியற்காலை, அலாரம் அடிக்கிறது, ஒரு பையன் எழுந்து முகம் கை கால் கழுவுகிறான். கூட்டம் இல்லை, பந்தல் இல்லை. 'மறுநாள் காலை' என்ற கேள்விக்கு நேரடியான பதில் இதுதான்.

நம்ம ஊர் மஞ்சள் நீராட்டு எங்கே?

வகுப்பில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். அதே கேள்வியை இதனிடமும் கேட்டுப் பாருங்கள். மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் புதிய வழிபாட்டுக் கடமை எதுவும் வருவதில்லை. பச்சை ஓலைக் குடிசை, தாய்மாமன் சீர், உறவினர்களுக்குப் பத்திரிகை எல்லாம் குடும்பத்தின் அறிவிப்பு. இந்துக் குடும்பங்களில் மட்டுமல்ல, கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றிலும் நடக்கிறது. ஆக, இது ஊர் வழக்கம். ஒரு மதத்தின் பெயரில் எழுத முடியாது. முடிவுக்கான 30 விநாடியில் இந்த வித்தியாசத்தை மட்டும் சொல்லிவிட்டு, இதற்குத் தனி வீடியோ செய்வதே நல்லது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. போன மாதம்தான் அந்தச் சடங்கு முடிந்த பெண் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். ஊருக்கே பத்திரிகை கொடுத்ததில் அவளுக்கு ஏற்கெனவே சங்கடம் இருக்கலாம். அதனால் நிஜ விழாப் படங்கள் வேண்டாம். 'உங்க வீட்ல எப்படிப் பண்ணாங்க?' என்று யாரையும் எழுப்பிக் கேட்கவும் வேண்டாம்.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்?

இரண்டு சோதனைகள் போதும். அந்தந்த மதத்தைச் சேர்ந்த ஒருவரிடம் அவர் பகுதியை மட்டும் தனியாகப் போட்டுக்காட்டி, 'இதுல எது தப்பு?' என்று கேளுங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். அடுத்து, வீடியோ பார்த்த ஒரு பையனிடம் 'மறுநாள் அவங்களுக்கு என்ன மாறுச்சு?' என்று கேளுங்கள். குதிரையையும் கேக்கையும் பற்றிச் சொன்னால், திரும்ப எடிட்டிங் டேபிளுக்குப் போக வேண்டியதுதான். 'மத்தியானத்துக்கு மேல சாப்பிடக் கூடாது', 'விடியறதுக்குள்ள எழுந்திரிக்கணும்' என்று சொன்னால், அப்லோட் பண்ணலாம்.