முதலில் எந்தக் கடனை அடைப்பது?

கிரிக்கெட் பந்தயத்தில் பணத்தை விட்டவரிடம் சொந்தக்காரர்கள் சொல்வது: "எல்லாத்தையும் சேர்த்து ஒரே லோனாப் போட்டு அடைச்சிடு." மற்றக் கடனாளிகளுக்கு இது நல்ல யோசனையாக இருக்கலாம். இவருக்கு ஆபத்து. கார்டு பாக்கியை அடைத்ததுமே முழு லிமிட்டும் மறுபடி திறந்துகொள்ளும். விட்டதைப் பிடிக்கும் வெறி அடங்காதவரை, புது லோனோடு பழைய பாக்கியும் திரும்ப வந்து சேரும். எனவே முதல் வேலை, கார்டில் புதிதாகச் செலவு செய்ய முடியாதபடி நிறுத்தச் சொல்வது. சம்பளக் கணக்கின் பொறுப்பை மனைவியிடமோ அண்ணனிடமோ கொடுப்பது. வெறியைத் தனியாக அடக்க முடியாதவர்கள் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சம்பளம் 40,000 ரூபாய். வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம் போக மிச்சம் 18,000. கார்டு பாக்கி 1,20,000. பெர்சனல் லோன் தவணை 7,000. நகைக்கடன் ஒரு லட்சம், வட்டி மாதம் 1,000. நண்பரிடம் வட்டியில்லாத கைமாற்று 50,000.

தினமும் போன் செய்து நெருக்குபவருக்கே முதலில் கொடுக்கத் தோன்றும். பார்க்க வேண்டியது வட்டியை. கார்டுக்கு மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வட்டி மட்டுமே 4,200. அதன்மேல் ஜிஎஸ்டி 756. ஆறாயிரம் கட்டினாலும் அசலில் குறைவது ஆயிரம்தான். லோன் தவணையும் நகை வட்டியும் தவறாமல் போகட்டும். நகை ஏலத்துக்குப் போய்விடக் கூடாது. மீதிப் பத்தாயிரத்தைக் கார்டின்மேல் திருப்ப வேண்டும்.

அதற்குமுன் வங்கியிடம் பேச வேண்டும், அதுவும் தவணை தவறுவதற்கு முன்பே. வருமானத்தையும் செலவையும் எழுதி, பாக்கியைத் தவணையாக மாற்றித் தரும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். ஆண்டுக்கு 18 சதவீதத்தில் 18 மாதம் என்று ஒப்புக்கொண்டால் மாதம் சுமார் 7,650 ரூபாய்தான் வரும். குறைத்துக் கட்டி முடிக்கும் 'செட்டில்மென்ட்' கடைசி வழி. அது சிபில் அறிக்கையில் பதிவாகி, பிறகு லோன் கேட்கும்போது குறுக்கே நிற்கும். வசூலுக்கு வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

பந்தயம் பிடிப்பவருக்குத் தர வேண்டிய பாக்கிக்கு, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவின்படி, அவர் வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. மிரட்டினால் காவல் நிலையம் போகலாம்.

மிச்சமுள்ள 2,350ல் நண்பருக்கு 1,000. இன்னொரு 1,000 மனைவி பெயரில் அஞ்சலக ஆர்டியில். கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்று கேட்பார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மறுபடி கார்டைத் தேடாமல் இருக்கத்தான். ஓராண்டு கட்டியதும், போட்டதில் பாதிவரை அதன்மேல் கடன் கிடைக்கும். கார்டுத் தவணை முடிந்ததும் அந்த 7,650ஐ அப்படியே நகைக்குத் திருப்பினால், ஒன்றேகால் ஆண்டுக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும்.