ஆடிட்டருக்கு ஒரு பக்கக் குறிப்பு

ஏப்ரல் பிறந்தால் ஆடிட்டர் அலுவலகங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட்கள் வந்து குவியும். அவற்றில் முக்கியமானது டாலியில் எடுத்த வங்கிச் சரிக்கட்டும் பட்டியல். கணக்குப் புத்தகம் சொல்லும் வங்கி இருப்பும் வங்கி சொல்லும் இருப்பும் எங்கே, எதனால் வேறுபடுகின்றன என்று காட்டும் பட்டியல் அது. கூடவே “டைமிங் டிஃபரன்ஸ் சார்” என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியை வைத்து எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட முடியாது.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31 அன்று கடைப் புத்தகப்படி வங்கி இருப்பு ரூ.4,82,350, வங்கிப்படி ரூ.4,81,760. வித்தியாசம் வெறும் 590 ரூபாய். பேங்க் சார்ஜாக இருக்கும், எழுதிவிட்டுப் போகலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையிலேயே 500 ரூபாய் கட்டணம், 18 சதவீத ஜிஎஸ்டி 90 ரூபாய் என்று வங்கி 590 பிடித்தும் இருக்கிறது. ஆனால் பட்டியலைத் திறந்தால் உள்ளே இன்னும் நான்கு இனங்கள் இருக்கின்றன. கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால்தான் வெளியே தெரியவில்லை.

நூல் வியாபாரிக்கு மார்ச் 28-இல் கொடுத்த ரூ.64,000 செக் இன்னும் வங்கிக்குப் போகவில்லை. அச்சகத்துக்கு டிசம்பர் 12-இல் கொடுத்த ரூ.9,000 செக்கும் அப்படியே. வாடிக்கையாளர் தந்த ரூ.1,15,000 செக்கை 31-ஆம் தேதி மாலை வங்கியில் போட்டார்கள், வரவாகவில்லை. இன்னொரு வாடிக்கையாளர் நெஃப்டில் நேரடியாக அனுப்பிய ரூ.42,000 வங்கியில் இருக்கிறது. கடைப் புத்தகத்தில் ஏறவில்லை.

நல்ல குறிப்பு இவற்றை இரண்டாகப் பிரித்துவிடும். முதல் வகை, நாள் கடந்தால் தானாகச் சரியாகிவிடுபவை. கடைக் கணக்காளர் இப்படி எழுதலாம்:

“ஐயா, ரூ.64,000 செக் ஏப்ரல் 4-இல் பாஸானது. ரூ.1,15,000 ஏப்ரல் 2-இல் வரவானது. 1-ஆம் தேதி வங்கிக்கு ஆண்டுக் கணக்கு முடிப்பு விடுமுறை. இரண்டுக்கும் ஏப்ரல் மாத ஸ்டேட்மென்ட் இணைத்துள்ளேன்.”

‘பாஸாகிவிடும்’ என்று அவர் எழுதவில்லை. ‘பாஸானது’ என்கிறார், தேதியோடு. ஆடிட்டர் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். 31-ஆம் தேதி போட்டதாகச் சொல்லும் செக் ஏப்ரல் 20-இல் வரவானால், அது உண்மையில் எப்போது கைக்கு வந்தது என்ற கேள்வி எழும். மார்ச் கடைசியில் எழுதிய செக்குகள் கட்டாக ஏப்ரல் இறுதியில் பாஸானால் மேஜை டிராயரில் தூங்கினவா என்று கேட்பார். கொடுக்காத செக்கை எழுதிக் கடனைக் குறைத்துக் காட்டுவது பழைய தந்திரம்.

இரண்டாவது வகை காத்திருந்தால் சரியாகாது. வங்கிக் கட்டணம் 590, நெஃப்ட் 42,000 இரண்டையும் மார்ச் 31 தேதியிட்டே புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அச்சகத்துச் செக் கதை வேறு. இந்தியாவில் 2012 ஏப்ரல் முதல் செக்கின் ஆயுள் மூன்றே மாதம். டிசம்பர் செக் மார்ச் இரண்டாம் வாரத்திலேயே காலாவதி. அதை ரத்துசெய்து அச்சகத்துக் கணக்கிலேயே பாக்கியாகத் திருப்பி வைக்க வேண்டும். சிலர் வருமானத்தில் சேர்த்துவிடுகிறார்கள், அது தவறு. செக்தான் செத்தது, கடன் இருக்கிறது.

இவ்வளவும் செய்தால் இருப்புநிலைக் குறிப்பில் வர வேண்டிய தொகை ரூ.5,32,760. ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் வித்தியாசமாகத் தெரிந்த இடத்தில் புத்தகம் ரூ.50,410 திருத்தப்பட வேண்டியிருக்கிறது. குறிப்பில் இந்தத் தொகையை வெளிப்படையாக எழுதிவிட்டால் ஆடிட்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஸ்கிரீன்ஷாட்டுக்கு வருவோம். டாலியில் Bank Date என்ற கட்டத்தை நிரப்புவது பல கடைகளில் கணக்காளரின் விரல்தான். அவர் ஒரு தேதியைத் தட்டினால் அந்த இனம் நிலுவையிலிருந்து மறைந்துவிடும். வங்கி என்ன சொன்னது என்பது மென்பொருளுக்குத் தெரியாது. ஆகவே படம் காட்டுவது கடையின் கூற்றை, வங்கியின் கூற்றை அல்ல. போதாக்குறைக்குப் படத்தை வெட்டும்போது மேலே உள்ள கணக்கு எண்ணும் தேதியும் போய்விடுகின்றன.

ஆடிட்டர்கள் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு தன் கடிதத்தில் ஒப்புக்கொண்டதே, கணக்கில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் ரூ.5,040 கோடி இல்லவே இல்லை என்பதுதான். அதனால் ஆடிட்டர் வங்கியிடமே நேரடியாக இருப்பு உறுதிக் கடிதம் கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த ஆண்டு படம் அனுப்புபவர்கள் கூடவே மூன்றை அனுப்புங்கள்: மார்ச், ஏப்ரல் மாத வங்கி ஸ்டேட்மென்ட் வெட்டாத பிடிஎஃப்பாக, திருத்தப் பதிவுகளின் நகல், ஒவ்வொரு இனத்துக்கும் தேதியோடு ஒரு வரி எழுதிய குறிப்பு.