300 சதவீதம், எத்தனையிலிருந்து?

சமூக ஊடக மார்க்கெட்டிங் வேலைக்கு வரும் விண்ணப்ப மெயில்களில் அடிக்கடி தலைகாட்டும் வரி ஒன்று உண்டு: "இன்ஸ்டாகிராம் பக்கத்தை 300 சதவீதம் வளர்த்தேன்." ஆள் எடுப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். எத்தனையிலிருந்து? 50 ஃபாலோயர்கள் 200 ஆனாலும் அது 300 சதவீதம்தான். அந்த 150 பேரை ஒரு கல்யாண மண்டபத்திலேயே சேர்த்துவிடலாம்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையின் பக்கத்தை ஒருவர் ஆறு மாதம் பார்த்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். 2,400 ஃபாலோயர்கள் 9,600 ஆனார்கள். நான்கு மடங்கு. எனவே வளர்ச்சி 300 சதவீதம். அதை 400 என்று எழுதிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஒரு பிழை கண்ணில் பட்டால், மெயிலில் உள்ள மற்ற எண்களையும் படிப்பவர் நம்ப மாட்டார். "ஜனவரி முதல் ஜூன் வரை 2,400லிருந்து 9,600" என்று தொடக்கம், முடிவு, காலம் மூன்றையும் சொல்லிவிட்டால் சதவீதமே தேவையில்லை. பரிசுப் போட்டி வைத்துச் சேர்த்த கூட்டம் என்றால் அதையும் சொல்வது நல்லது. பரிசுக்காக வந்தவர்கள் சேலை வாங்குவது அபூர்வம். எப்படியும் நேர்காணலில் அதைத்தான் கேட்பார்கள்.

வியூஸ் எண்ணிக்கையில் வேறொரு சிக்கல். 2025 மார்ச் 31 முதல் யூடியூப் தன் ஷார்ட்ஸ் வீடியோக்களுக்கு வியூஸ் எண்ணும் முறையை மாற்றியது. வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. குறைந்தபட்சம் இத்தனை நொடி பார்க்க வேண்டும் என்பது இல்லை. ஆகவே பிப்ரவரியையும் மே மாதத்தையும் பக்கத்தில் வைத்து "வியூஸ் எகிறியது" என்று எழுதினால், அதில் எவ்வளவு தன் உழைப்பு, எவ்வளவு யூடியூப்பின் புதிய கணக்கு என்று பிரிக்க முடியாது. பழைய முறைப்படியான எண்ணிக்கையையும் யூடியூப் தனியாகக் காட்டுகிறது. அதை எடுத்துப் போடுபவருக்கு விஷயம் தெரியும் என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசப்படுவது விளம்பரச் செலவுக்கு வந்த விற்பனைதான். துறையில் இதை 'ரோவாஸ்' என்பார்கள். அதே சேலைக் கடை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 60,000 ரூபாய் செலவழித்து 2,10,000 ரூபாய்க்கு விற்றது என்றால் ரோவாஸ் 3.5. மெயிலில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கொள்முதல் விலை போகக் கடைக்கு நிற்பது 25 சதவீதம் என்றால், அந்த விற்பனையில் கிடைப்பது 52,500 ரூபாய். விளம்பரத்துக்கே 60,000 போய்விட்டது. கடைக்காரருக்கு 7,500 ரூபாய் கைநஷ்டம்! அந்தக் கடைக்கு ரோவாஸ் 4 வந்தால்தான் போட்ட காசாவது தேறும். லாப விகிதம் 40 சதவீதமுள்ள இன்னொரு கடைக்கு அதே 3.5 நல்ல லாபம்.

அந்த 2,10,000 எங்கே எண்ணப்பட்டது என்பதும் முக்கியம். மெட்டா தன் விளம்பரக் கணக்கில் வழக்கமாக, விளம்பரத்தைச் சொடுக்கி ஏழு நாளுக்குள் வாங்கியவரையும், சொடுக்காமல் பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கியவரையும் தன் வரவில் சேர்த்துக்கொள்ளும். எப்படியும் வாங்க இருந்த பழைய வாடிக்கையாளரும் அதில் அடக்கம். பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுக்கும் முறையில், கதவைத் திறக்காமலே திருப்பி அனுப்பப்படும் பார்சல்கள் வேறு. விளம்பரத் திரையில் விற்பனையாக நிற்பது கடையின் பில் புத்தகத்தில் நிற்காது. "கடையின் ஆர்டர் கணக்குப்படி, திரும்பி வந்தவை கழித்து" என்று சேர்த்து எழுதுகிறவர் மிகக் குறைவு. அந்தத் தொகை சிறியதாக இருந்தாலும் அதுதான் எடுபடும்.

தளங்களின் பட்டியல் பெரும்பாலும் வீண். "இன்ஸ்டாகிராம், யூடியூப், லிங்க்ட்இன் ஹேண்டில் செய்தேன்" என்றால், எழுதினாரா, படம் பிடித்தாரா, விளம்பரப் பணத்தை அவரே கையாண்டாரா, யாரோ தயாரித்ததைப் பதிவேற்ற மட்டும் செய்தாரா? தளத்துக்கு ஒரு வரியில் தன் பங்கைச் சொன்னால் போதும்.

ஸ்கிரீன்ஷாட் இணைக்கும்போது தேதி வரம்பு படத்தில் தெரிய வேண்டும். அதை வெட்டிவிட்டால் தீபாவளி வாரத்தை மட்டும் எடுத்துக் காட்டுகிறார் என்றே தோன்றும். இன்னொன்று: அந்தத் திரையில் தெரிவது கடையின் விற்பனைக் கணக்கு. கடைக்காரரின் சம்மதமில்லாமல் அதை வெளியே அனுப்புபவர், நாளை தங்கள் கணக்கையும் அப்படித்தான் அனுப்புவார் என்று புது நிறுவனம் நினைக்கும். சம்மதம் கிடைக்காவிட்டால், பெயரை மறைத்து "காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடை" என்று எழுதி, ரூபாய்த் தொகையை விட்டு விகிதத்தை மட்டும் தரலாம்.