பருவம் மாறும்போது பியானோவின் சுருதியும் மாறும்

வீட்டில் வாசிக்கும் அக்கூஸ்டிக் பியானோவுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது சுருதி சேர்க்க வேண்டும் என்பது டியூனர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. புதிய பியானோவுக்கு முதல் ஆண்டில் நான்கு முறை வரை தேவைப்படும். அதன் எஃகுத் தந்திகள் இழுபட்டு ஒரு நிலைக்கு வரச் சில மாதங்கள் பிடிக்கும் என்பதே காரணம். பெரிய கச்சேரி அரங்குகளில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் சுருதி சரிபார்க்கப்படுகிறது. யாரும் வாசிக்காமல் மூடியே கிடக்கும் பியானோவும் சுருதி விலகும். தந்திகள் தளர்வது அதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பருவத்துக்குப் பருவம் மாறும் காற்றின் ஈரம்.

பியானோவின் 88 கட்டைகளுக்குச் சுமார் 230 தந்திகள் உண்டு. நடுப்பகுதியிலும் உச்சப் பகுதியிலும் ஒரு கட்டைக்கு மூன்று தந்திகள். மந்தரப் பகுதியில் செம்புக்கம்பி சுற்றிய ஒன்றோ இரண்டோ தந்திகள். எல்லாத் தந்திகளின் இழுவிசையையும் கூட்டினால் 15 முதல் 20 டன் வரை வரும். அந்தச் சுமையை வார்ப்பிரும்புச் சட்டம் தாங்குகிறது. இரும்பையும் எஃகையும் ஈரம் நீட்டுவதோ சுருக்குவதோ இல்லை. ஈரத்துக்கு அசைவது தந்திகளுக்குப் பின்னால் இருக்கும் மரம்தான்.

அந்த மரம் ஒலிப்பலகை. சுமார் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்புரூஸ் மரத் துண்டுகளை ஒட்டிச் செய்த அகலமான பலகை அது. அதன்மேல் வீணையில் இருப்பதுபோல் குதிரை பொருத்தப்பட்டிருக்கும். தந்திகள் அந்தக் குதிரையை அழுத்தியபடி கடந்து செல்லும். தந்தியின் அதிர்வு குதிரை வழியாகப் பலகைக்குப் போய் அறை முழுவதும் கேட்கும் ஒலியாகிறது. பலகை தட்டையாக இராமல், தந்திகளை நோக்கி மெல்லிய வளைவுடன் மேடாக இருக்கும்.

ஈரம் ஏறினால் மரம் தன் நார்களுக்குக் குறுக்குவாட்டில் பருக்கும். நார் ஓடும் திசையில் ஏறத்தாழ நீளாது. ஒலிப்பலகையின் பின்புறத்தில் நார்களுக்குக் குறுக்காக மரச் சட்டங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அவை நீளாத திசையில் பலகை பருக்க முயல்கிறது. சுற்று விளிம்பும் இறுக ஒட்டப்பட்டிருப்பதால் பலகை வெளிப்பக்கம் விரியவும் வழியில்லை. எனவே அது மேல்நோக்கி இன்னும் சற்று வளைகிறது. குதிரை உயர்கிறது, தந்தி கூடுதலாக இழுபடுகிறது, சுருதி ஏறுகிறது. காற்று வறண்டால் இதே செயல் தலைகீழாக நடக்கும்: பலகை சுருங்கித் தாழ்கிறது, சுருதி இறங்குகிறது.

எல்லா ஸ்வரங்களும் ஒரே அளவு ஏறி இறங்கினால் காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் விளிம்பில் பிடிபட்ட பலகை ஓரங்களில் குறைவாகவும் நடுவில் அதிகமாகவும் அசைகிறது. நடு ஸ்தாயித் தந்திகள் அதிகம் விலகும். கனமான மந்தரத் தந்திகளும் மிகக் குட்டையான உச்சத் தந்திகளும் அவ்வளவு விலகுவதில்லை. மந்தரத் தந்திகளுக்குத் தனிக் குதிரை இருப்பதால், இரண்டு குதிரைகளும் பிரியும் இடத்தில் வேறுபாடு மிக எளிதாகப் பிடிபடும்.

ஒரு சிறிய அப்ரைட் பியானோவில் 110 ஹெர்ட்ஸ் ஒலிக்கும் ‘ஏ’ மந்தரக் குதிரையிலும், அதற்கு ஒரு ஸ்தாயி மேலே 220 ஹெர்ட்ஸ் ஒலிக்கும் ‘ஏ’ நீளக் குதிரையிலும் இருப்பதாகக் கொள்வோம். வறண்ட மாதங்களில் மேலுள்ளது 218.5 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. கீழுள்ளது ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. இரண்டையும் சேர்த்து அழுத்தினால், கீழ்த் தந்தியில் இயல்பாகவே கேட்கும் 220 ஹெர்ட்ஸ் மேற்சுரமும் மேல்தந்தியின் 218.5 ஹெர்ட்ஸும் மோதும். ஒலி இரண்டு நொடிக்கு மூன்று முறை ஏறி அடங்கும். இயற்பியல் பாடத்தில் வரும் விம்மல் இதுவே. நல்ல சுருதியில் இந்த இரு கட்டைகளும் சேர்ந்து அலையாத ஒற்றை ஒலியாகக் கேட்க வேண்டும். பியானோ வைத்திருப்பவர் இந்தச் சோதனையைத் தாமே செய்து பார்க்கலாம்.

பனிக்காலத்தில் வீட்டைச் சூடேற்றும் வட அமெரிக்க நகரங்களில் இந்தச் சுழற்சி தெளிவாகத் தெரியும். ஹீட்டர் ஓடும் ஜனவரியில் அறையின் ஈரப்பதம் 25 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஜூலையில் 60 சதவீதத்தைத் தாண்டும். அங்கே பியானோ குளிர்காலத்தில் இறங்கி, கோடையில் ஏறுகிறது. சென்னை போன்ற கடலோர ஊரில் ஈரம் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். இங்கே ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக்குவது ஏசி. ஏப்ரல், மே மாதங்களில் ஏசி நாளெல்லாம் ஓடும் அறையில் காற்று வறண்டு சுருதி இறங்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி, ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிட்டால் சுருதி ஏறும்.

பருவம் மாறிய அன்றே மரம் மாறிவிடாது. புதிய ஈரத்துக்குப் பலகை பழக இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதற்குள் சுருதி சேர்த்தால் அது விரைவில் கலைந்துவிடும். எனவே மழை தொடங்கியதும் டியூனரை அழைக்காமல் நவம்பர் நடுவில் அழைப்பதும், ஏசி ஓடத் தொடங்கிச் சில வாரங்கள் கழித்து மறுமுறை அழைப்பதும் பொருத்தம்.

பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட பியானோவின் சுருதி மொத்தமாகவே இறங்கியிருக்கும். அதை ஒரே சுற்றில் சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு தந்தியையும் இறுக்க இறுக்க ஒலிப்பலகை மேலும் அழுந்துவதால், முதலில் சேர்த்த தந்திகள் மீண்டும் இறங்கிவிடும். டியூனர் முதல் சுற்றில் வேண்டியதைவிடச் சற்றே உயர்த்தி எல்லாத் தந்திகளையும் தோராயமாக இழுத்துவைப்பார். பிறகே நுட்பமாகச் சேர்ப்பார். சில வாரங்களில் இன்னொரு முறை வரவேண்டியிருக்கலாம். துருப்பிடித்த பழைய தந்திகள் இந்த வேலையில் அறுந்துபோவதும் உண்டு.

ஈரத்தின் சில கேடுகளை டியூனிங்கால் தீர்க்க முடியாது. நீடித்த வறட்சியில் ஒலிப்பலகை வெடிக்கலாம். தந்தியைச் சுற்றியிருக்கும் எஃகு ஆணிகளைப் பிடித்துநிற்கும் மரக்கட்டை சுருங்கினால், ஆணிகள் நழுவும். சுருதி சேர்த்த சில நாட்களிலேயே சில ஸ்வரங்கள் மட்டும் தாழ்ந்துபோவது அதன் அடையாளம். நீடித்த ஈரத்தில் ஃபெல்ட்டும் மரமும் பருத்து, அழுத்திய கட்டைகள் மெல்ல எழும்பும் அல்லது சிக்கிக்கொள்ளும். செம்பு சுற்றிய மந்தரத் தந்திகள் களிம்பேறி மழுங்கிய ஒலி தரும். அவற்றை மாற்றத்தான் வேண்டும்.

பியானோ இருக்கும் அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. கடலோரத்தில் அது எப்போதும் கைகூடாது. அப்போது ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதே முதல் வேலை. வெயில் விழும் ஜன்னலோரத்திலும் ஏசி காற்று நேராகப் படும் இடத்திலும் பியானோவை வைக்கக் கூடாது. பகலில் ஏசியை நிறுத்தி இரவில் மட்டும் ஓட்டும் படுக்கையறை அதற்கு ஏற்ற இடமல்ல. பியானோவுக்குள் பொருத்தும் சூடேற்றுக் கம்பியும், ஈரம் மிகும்போது மட்டும் அதை இயக்கும் கருவியும் விற்பனைக்கு உள்ளன. எதை வாங்குவதற்கு முன்பும் ஓர் ஈரப்பதமானியைப் பியானோவின் பக்கத்தில் வைத்து, ஒரு முழு ஆண்டின் ஏற்ற இறக்கத்தைக் குறித்துவையுங்கள். டியூனரை எந்த மாதத்தில் அழைப்பது என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.